பதினாறு படங்களில் ஒரு புகை

மொபைலில் ஏதாவது ஒரு முப்பரிமாண விளையாட்டைத் திறந்து, அதில் புகை தரையைத் தொடும் இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நன்றாகச் செய்த விளையாட்டில் அங்கே ஒன்றும் கண்ணில் படாது. புகை தரையோடு இழைந்து போயிருக்கும். அரைகுறையாகச் செய்ததில், புகைக்குக் குறுக்கே நேர்க்கோடு ஒன்று ஓடும். அந்தக் கோடு ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அது புகையாகத் தெரியாது. மண்ணில் செருகி வைத்த அட்டையாகத்தான் தெரியும்.

உண்மையில் அது அட்டைதான். விளையாட்டில் எரியும் நெருப்பும் எழும் புகையும், எப்போதும் கேமராவின் முகத்தைப் பார்த்தபடி திரும்பிக்கொள்ளும் தட்டையான சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தின் மேலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பிறப்பு, வயது, வேகம், சாவு எல்லாம் உண்டு. இந்தச் சதுரத்துக்குத்தான் பார்ட்டிக்கிள் என்று பெயர். ஏராளமான துகள்களைப் பிறக்கவிட்டுச் சாகவிட்டு நெருப்பைக் காட்டலாம் என்ற யோசனையைத் திரைக்குக் கொண்டுவந்தவர் லூகாஸ்ஃபிலிமில் பணிபுரிந்த வில்லியம் ரீவ்ஸ். 1982இல் வெளிவந்த இரண்டாவது 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் ஒரு கோளையே சூழ்ந்து பரவும் நெருப்புச் சுவர் அப்படி உருவானது. மறு வருடமே அதைப் பற்றி அவர் ஒரு ஆய்வுக்கட்டுரையும் எழுதினார். அவருடைய துகள்கள் வெறும் ஒளிப்புள்ளிகள். ஒரு சட்டகத்தைச் சாவகாசமாகக் கணக்குப் போட்டுக்கொள்ள சினிமாவுக்கு நேரம் இருந்தது. வினாடிக்கு அறுபது முறை திரையை வரைந்தாக வேண்டிய விளையாட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே புள்ளிகளின் கூட்டத்துக்குப் பதில், படம் ஒட்டிய சில சதுரங்களை வைத்துக் காலத்தை ஓட்டுகிறார்கள். யூனிட்டி மென்பொருளில் இன்று நாம் பயன்படுத்தும் பார்ட்டிக்கிள் சிஸ்டம் 2012இல் 3.5 பதிப்போடு வந்தது.

நெருப்பைக் காட்டுவதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிஜ நெருப்பைப் போலவே காட்டுவது. மற்றொன்று, கார்ட்டூன் படத்தில் வருவது போல, வரைந்த நெருப்பாகவே காட்டுவது. நிண்டெண்டோவின் 'தி விண்ட் வேக்கர்' 2002இல் வந்தபோது அதன் வெடிப்புப் புகை சுருள் சுருளாக, தூரிகையால் வரைந்த மாதிரியே எழுந்தது. இன்றுவரை இந்தத் துறையில் இருப்பவர்கள் அதை எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். இந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

இதற்கு யூனிட்டி இரண்டு கருவிகளைத் தருகிறது. ஒன்று ஃப்ளிப்புக், மற்றொன்று `Soft Particles` என்ற பெயரில் வரும் ஆழ மங்கல். இரண்டும் இயல்பாகப் பொருந்துவது நிஜம் போன்ற புகைக்கு. வரைந்த புகைக்கு அவற்றை அப்படியே பூட்டிவிட்டால், இரண்டுமே சேர்ந்து வரைந்தவரின் கோட்டை அழிக்கின்றன. இதை யாரும் முதலிலேயே சொல்லித் தருவதில்லை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மொபைலுக்கான விளையாட்டு. தரையில் மூன்று விறகுக்கட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அவற்றின் மேல் நெருப்பு. நெருப்புக்கு மேல் புகை. கட்டைகளைச் சுற்றித் தரையோடு தவழும் கொஞ்சம் புகையும் உண்டு. கேமரா சற்று உயரத்தில், எட்டு மீட்டர் தள்ளி நிற்கிறது.

முதலில் படம் வரைய வேண்டும். ஃப்ளிப்புக் என்பது ஒரே டெக்ஸ்சரில் கட்டம் கட்டமாக அடுக்கிய தொடர்படங்கள். நம் புகைக்கு நான்குக்கு நான்கு, ஆகப் பதினாறு கட்டங்கள். டெக்ஸ்சர் 1024 பிக்சல் சதுரம் என்றால் ஒரு படத்துக்கு 256 பிக்சல் கிடைக்கும். ஒரு பஃப் புகை பிறந்து, உப்பி, கலைந்து மறையும் வரையிலான வாழ்க்கை முழுவதும் இந்தப் பதினாறுக்குள் அடங்க வேண்டும்.

கைவேலை தெரிந்தவர்களும் புதியவர்களும் பிரிவது கடைசி ஐந்தாறு படங்களில்தான். புதியவர் பத்தாவது படத்துக்குப் பிறகு அதே உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறச் செய்வார். அனிமேஷன் பழகியவர் அப்படிச் செய்யமாட்டார். புகை கலைவதை அவர் ஓட்டை விழுவதாக வரைவார். உருண்டையின் நடுவில் ஒரு சிறு துளை விழும்; அது பெரிதாகி ஓரத்தை எட்டும்; உருண்டை பிறை வடிவமாகும்; பிறை இரண்டு மூன்று துண்டாகும்; துண்டுகள் சிறுத்துப் போகும். எந்தப் படத்திலும் நிறம் வெளிறவே வெளிறாது. கோடு கடைசி வரை கூர்மையாகவே இருக்கும். வரைந்த புகைக்கு உயிர் தருவது இந்த ஒன்றுதான் என்பது என் கருத்து. இது வராமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

நெருப்புக்கு இன்னொரு அமைப்பு. எட்டுக்கு நான்காக ஒரு தாள். ஒவ்வொரு வரிசையும் ஒரு தனி நாக்கு: அடி அகன்று எழும், வளைந்து நிமிரும், நுனி அறுந்து மேலே போகும், அடி ஒடுங்கும். எட்டுப் படங்களில் கதை முடிந்துவிட வேண்டும். நான்கு வரிசைக்கும் நான்கு வேறு வேறு நாக்குகள். ஏன் இப்படி என்பது கொஞ்சம் கழித்துப் புரியும்.

இப்போது யூனிட்டிக்குள் வருவோம். பார்ட்டிக்கிள் சிஸ்டத்தில் `Texture Sheet Animation` என்ற பகுதியைத் திறந்து, `Tiles` என்ற இடத்தில் புகைக்கு X 4, Y 4 என்று கொடுக்க வேண்டும். `Animation` என்ற இடத்தில் `Whole Sheet`. யூனிட்டி மேல் இடது மூலையில் தொடங்கி, வரிசை வரிசையாக இடமிருந்து வலமாகப் படிக்கும். கீழிருந்து மேலாக அடுக்கி வைத்தால் புகை நடுவில் தொடங்கி எங்கோ முடியும்.

அடுத்து வருவது கணக்கு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தொடர்படம் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை, சாதாரண அமைப்பில், பார்ட்டிக்கிளின் ஆயுள்தான் தீர்மானிக்கிறது. ஆயுளை நான்கு வினாடி என்று வைத்தால், பதினாறு படங்கள் நான்கு வினாடியில் பரவி, வினாடிக்கு நான்கு படம்தான் மாறும். திக்கித் திக்கிப் போகும். கையால் வரைந்த அனிமேஷனில் சினிமாவின் 24 சட்டகத்துக்கு 12 படம் வரைவது நெடுநாள் வழக்கம். ஒரு படம் இரண்டு சட்டகத்துக்கு நிற்கும். நம் கண்ணுக்கு அந்தத் தாளம் பழக்கமானது. ஆகவே ஆயுளை 1.3 முதல் 1.9 வினாடிக்குள் ஏதோ ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம். சீக்கிரம் சாகும் புகை வினாடிக்கு ஏறத்தாழ 12 படம் ஓட்டும்; மெல்லச் சாவது 8 படத்துக்குச் சற்று மேல் ஓட்டும். இரண்டும் ஒரே தாளில் பிறந்தவை என்று யாருக்கும் தோன்றாது.

வினாடிக்கு ஐந்து புகைப் பஃப் பிறக்கிறது, சராசரி ஆயுள் 1.6 வினாடி என்றால், எந்த நேரத்திலும் திரையில் உயிரோடு இருப்பவை எட்டுதான். ஃப்ளிப்புக்கின் பெரிய லாபமே இதுதான். உருண்டு புரளும் அசைவு படத்துக்குள்ளேயே இருப்பதால், கூட்டம் சேர்த்து அசைவைக் காட்ட வேண்டியதில்லை.

நெருப்புக்கு வந்தால், `Whole Sheet` என்பதை `Single Row` ஆக மாற்றி, வரிசையைத் தோராயமாக எடுக்கச் சொல்லும் `Random` முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறக்கும் ஒவ்வொரு நாக்கும் நான்கு வரிசையில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். நான்கு வரிசை வரைந்தது இதற்காகத்தான். ஆயுள் 0.7 வினாடி. எட்டுப் படம் அதற்குள் ஓடினால், வினாடிக்குப் பதினொன்றரை. சரியாக வரும்.

தாளை ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. படம் தூரத்தில் சிறிதாகத் தெரியும்போது, அதே டெக்ஸ்சரைப் பாதி, கால், அரைக்கால் அளவில் குறுக்கி வைத்திருக்கும் மிப்மேப்பை கிராஃபிக்ஸ் சிப் எடுத்துப் பயன்படுத்தும். குறுக்கும்போது பக்கத்துக் கட்டத்தின் பிக்சல் இந்தக் கட்டத்துக்குள் கசியும். விளைவு: கேமரா விலகிப் போனால் புகைச் சதுரத்தின் விளிம்பில் மெல்லிய கோடுகள் மின்னி மின்னி மறையும். ஒவ்வொரு கட்டத்தின் நான்கு பக்கமும் எட்டுப் பிக்சல் வெறுமையாக விட்டுவிட்டால், டெக்ஸ்சர் மூன்று முறை பாதியாகும் வரை ஒரு பிக்சல் இடைவெளியாவது மிஞ்சும். வரைபவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதினாறும் வரைந்து முடித்தபிறகு சொன்னால் உங்கள் நட்பு போய்விடும்.

இப்போது முதல் மோதல். பார்ட்டிக்கிளுக்கான மெட்டீரியலில் `Flip-Book Blending` என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் தட்டினால், ஐந்தாவது படத்திலிருந்து ஆறாவது படத்துக்குத் தாவாமல், ஒன்று மங்க மற்றொன்று எழ, வழுவழுப்பாக மாறும். இதற்கு `UV2`, `AnimBlend` என்ற கூடுதல் தகவல்களைப் பார்ட்டிக்கிள் சிஸ்டம் ஷேடருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை என்றால் மெட்டீரியலே எச்சரிக்கும். நிஜம் போன்ற புகைக்கு இது வரப்பிரசாதம். மெத்தென்ற இரண்டு மேகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தால் யாருக்கும் தெரியாது.

வரைந்த புகையில் விளிம்பு கூர்மையானது. இரண்டு கூர்மையான கோடுகள் பாதி வலுவில் ஒரே நேரத்தில் தெரிந்தால், அதைக் கண் கரைதலாக எடுத்துக்கொள்ளாது. இரட்டைப் பிம்பமாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பஃப்புக்கும் ஒரு பேய் நிழல் ஒட்டிக்கொண்டு வரும். நெருப்பில் இன்னும் மோசம்: அறுந்து போன நுனி, அறுவதற்கு முன் இருந்த நாக்கோடு சேர்ந்து கொஞ்ச நேரம் மிதக்கும். விளையாட்டை நிறுத்தி ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ஆகவே வரைந்த பாணிக்கு அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். படம் தாவட்டும். தாவுவதுதான் அந்தப் பாணி.

அணைத்துவிட்டால் வேறு ஒரு குறை தலைகாட்டும். படம் வினாடிக்குப் பத்து முறை மாறுகிறது. சதுரமோ வினாடிக்கு அறுபது முறை நகர்கிறது. ஒரு படம் அசையாமல் இருக்க, அது ஆறு சட்டகத்துக்குச் சறுக்கிக்கொண்டு மேலே போகிறது. பனிக்கட்டி மேல் வழுக்குவது போன்ற அந்த நகர்வு வரைந்த படத்துக்குப் பொருந்தாது. இதற்கு மருந்து, மேலெழும் அசைவில் பெரும்பகுதியைப் படத்துக்குள்ளேயே வரைந்துவிடுவது. கட்டத்தின் அடியில் பிறக்கும் புகை, கட்டத்தின் மேல்பகுதியில் கலைய வேண்டும். சதுரத்தின் சொந்த வேகம் மிகக் குறைவாக இருக்கட்டும். அளவு பெரிதாவதையும் அப்படியே: உப்புவதை ஓவியர் வரையட்டும், யூனிட்டி உப்ப வைக்க வேண்டாம்.

இதே ரகத்தில் சின்ன விஷயம் ஒன்று. எட்டுப் புகைகளும் ஒரே மாதிரி தெரியாமலிருக்க, எல்லாரும் அவற்றைத் தோராயமாகச் சுழற்றி விடுவார்கள். ஓவியர் புகைக்கு அடியில் நிழலும் மேலே வெளிச்சமும் வைத்து வரைந்திருந்தால், சுழற்றியதும் ஒன்றுக்கு நிழல் தலையில் வரும். சுழற்சியைப் பதினைந்து டிகிரிக்குள் நிறுத்திவிட்டு, `Renderer` பகுதியில் உள்ள `Flip` என்பதில் X திசைக்கு 0.5 கொடுத்தால், பாதிப் புகைகள் இடவலமாகப் புரண்டு பிறக்கும். வெளிச்சம் மேலேயே இருக்கும்.

இனி அந்தத் தரைக்கோட்டுக்கு வருவோம்.

கோடு ஏன் விழுகிறது? கட்டை, தரை, கல் போன்ற திடப்பொருள்களை வரையும்போது, ஒவ்வொரு பிக்சலிலும் அந்தப் பொருள் கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சிப் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு புகைச் சதுரம் வரும்போது, அதன் தூரத்தை இதோடு ஒப்பிடும். தரைக்கு முன்னால் இருந்தால் வரையும். பின்னால் இருந்தால் வரையாது. ஆம் அல்லது இல்லை. நடுவில் எதுவும் கிடையாது. அதனால் சதுரம் தரைக்குள் புகும் இடத்தில் அது வெடுக்கென்று நின்றுவிடுகிறது.

ஆழ மங்கல் செய்வது, 'முன்னாலா பின்னாலா' என்று மட்டும் கேட்காமல் 'எவ்வளவு முன்னால்' என்று கேட்பது. இந்த முறைக்கு 'சாஃப்ட் பார்ட்டிக்கிள்' என்று பெயர் வைத்து, என்விடியா 2007இல் டைரக்ட் எக்ஸ் 10க்கான ஒரு செயல்விளக்கமாகவே வெளியிட்டது. கணக்கு ஒரு வரிதான்:

```hlsl
float gap  = sceneDepth - particleDepth;
float fade = saturate(gap / _FadeDistance);
```

`sceneDepth` என்பது அந்தப் பிக்சலில் உள்ள தரையின் தூரம். `particleDepth` புகையின் தூரம். இரண்டின் வித்தியாசத்தை மங்கல் தூரத்தால் வகுத்து, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் நிறுத்துகிறோம். நம் உதாரணத்தில் தரை 8 மீட்டரில், புகை 7.9 மீட்டரில் என்றால் இடைவெளி 0.1. மங்கல் தூரம் 0.4 மீட்டர் என்று வைத்திருந்தால் விடை 0.25. அதாவது அந்தப் பிக்சலில் புகை கால்பங்கு வலுவில் தெரியும். தரையை நெருங்க நெருங்க அது பூஜ்யமாகும். கோடு காணாமல் போகும்.

யூனிட்டியின் யூஆர்பி முறையில், மெட்டீரியலில் `Soft Particles` என்பதைத் தட்டினால் `Near`, `Far` என்று இரண்டு எண்கள் வரும். தொடக்கத்தில் 0, 1 என்று இருக்கும். ஒன்று என்றால் ஒரு மீட்டர். சின்ன நெருப்புக்கு இது மிக அதிகம். நாக்கின் அடிக்கும் அதன் பின்னால் இருக்கும் தரைக்கும் இடைவெளி சில சென்டிமீட்டர்தான் இருக்கும். அந்தப் பகுதி முழுக்க மங்கி, நெருப்பு கட்டைக்கு மேல் அந்தரத்தில் தொங்கும். அப்படித் தொங்கினால் `Far` எண்ணைக் குறையுங்கள். நெருப்புக்கு 0.1 போதும். சொல்லப் போனால் நெருப்புக்கு இது தேவையே இல்லை: அடியை முன்கட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்தால் வெட்டுக்கோடு யார் கண்ணிலும் படாது. புகைக்குத்தான் இது அவசியம். அதிலும் தரையோடு தவழும் புகைக்கு.

அந்தத் தவழும் புகையில்தான் இரண்டாவது மோதல். விளிம்பெல்லாம் கத்தரித்த மாதிரி கூர்மையாக வரைந்த புகை, தரையைத் தொடும் இடத்தில் மட்டும் கலங்கிய நீர் மாதிரி மங்கிப் போகிறது. மேலே கார்ட்டூன், கீழே புகைப்படம். கோடு போய்விட்டது என்ற சந்தோஷத்தில் பலர் இதைக் கவனிப்பதில்லை. கவனித்தவர்களும் மங்கல் தூரத்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள். குறைத்தால் பழைய கோடு திரும்பி வருகிறது.

தீர்வு, `fade` எண்ணை நிறத்தை மங்கவைக்கப் பயன்படுத்தாமல், வடிவத்தை வெட்டப் பயன்படுத்துவது. புகை ஓட்டை விழுந்து கலைவதாக வரைந்தோம் அல்லவா? தரையைத் தொடும் இடத்திலும் அது அப்படியே அரிக்கப்பட்டு ஒதுங்கட்டும்.

அதற்குப் படத்தையே கொஞ்சம் வேறு மாதிரி தயாரிக்க வேண்டும். வெறும் கறுப்பு வெள்ளையாக இல்லாமல், புகையின் நடுப்பகுதி வெள்ளை, வெளியே கறுப்பு, இடையில் படிப்படியான சாம்பல் என்று இருக்க வேண்டும். 0.5 என்ற சாம்பல் எங்கே ஓடுகிறதோ அதுதான் ஓவியர் வரைந்த கோடு. ஷேடர் அந்த மதிப்பில் வெட்டி எடுக்கிறது. தரைக்கு அருகே வெட்டும் மதிப்பை உயர்த்துகிறோம்:

```hlsl
float cut   = lerp(1.0, 0.5, fade);
float alpha = smoothstep(cut, cut + 0.05, tex.r);
```

தரையிலிருந்து தள்ளி `fade` 1 ஆக இருக்கும் இடத்தில் வெட்டு 0.5, வரைந்த கோடு வரைந்தபடியே தெரியும். `fade` 0.5 ஆகும் இடத்தில் வெட்டு 0.75 ஆக உயர்கிறது. அங்கே 0.7 மதிப்புள்ள ஓரப் பிக்சல் மறைந்துவிடும், 0.9 உள்ள நடுப்பிக்சல் நிற்கும். தரையையே தொடும் இடத்தில் வெட்டு 1, எதுவும் மிஞ்சாது. விளைவாக, புகையின் அடி நேர்க்கோடாக நிற்காமலும் மங்காமலும், உருண்டைகளின் வடிவத்தைப் பின்பற்றி வளைந்து வளைந்து முடிகிறது. கோடு கூர்மையாகவே இருக்கிறது. கல்லின் மேல் தவழ்ந்தால் கல்லைச் சுற்றி ஒதுங்குகிறது. தண்ணீர் விளிம்பு மாதிரி அது அசைவதைப் பார்க்கும்போது இதற்காகப் பட்ட பாடு மறந்து போகும்.

ஷேடர் எழுதாமல் ஷேடர் கிராஃபில் செய்பவர்களுக்கு: `Scene Depth` நோடை `Eye` முறையில் வைத்தால் தரையின் தூரம் கிடைக்கும். `Screen Position` நோடை `Raw` முறையில் வைத்து அதன் நான்காவது எண்ணை எடுத்தால் புகையின் தூரம். மற்றவை கழித்தல், வகுத்தல்தான். கேமரா ஆர்த்தோகிராஃபிக் என்றால் இந்த நான்காவது எண் தூரத்தைத் தராது, கணக்கு தப்பும். மேலிருந்து பார்க்கும் விளையாட்டுகளில் 'எல்லாம் சரியாகத்தான் செய்தேன், வேலை செய்யவில்லை' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சாம்பல் படத்தை இறக்குமதி செய்யும்போது `sRGB (Color Texture)` என்ற பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் யூனிட்டி அந்தச் சாம்பலை நிறமாக நினைத்துத் திருத்தும். ஓவியர் 0.5 என்று வைத்தது, ஷேடரின் கைக்கு வரும்போது 0.21 ஆகியிருக்கும். 0.5இல் வெட்டினால் புகை, வரைந்ததைவிட மெலிந்து, சின்னச் சின்ன பிசிறுகள் இல்லாமல் வரும். ஓவியர் 'நான் இப்படி வரையவில்லையே' என்று சொன்னால் அவரை நம்புங்கள், பெட்டியைப் பாருங்கள்.

இத்தனைக்கும் அடிப்படை, தரையின் தூரத்தைக் குறித்துவைத்த அந்தப் பதிவு ஷேடரின் கைக்குக் கிடைப்பது. அதற்குப் பெயர் டெப்த் டெக்ஸ்சர். யூஆர்பியில் அது தானாகக் கிடைத்துவிடாது. `Depth Texture` என்ற பெட்டியை யூஆர்பி அமைப்புக் கோப்பில் தட்ட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நாம் வேலை செய்யும் `Scene` சாளரத்தில் யூனிட்டி இந்தப் பதிவைத் தானாகவே தயாரித்துக்கொள்கிறது. அதனால் அங்கே புகை அழகாக இழையும். `Game` சாளரத்துக்குப் போனால் பழைய கோடு நிற்கும், அல்லது புகையே மறைந்து போகும். இரண்டு சாளரமும் இரண்டு விதமாகத் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இந்தப் பெட்டிதான்.

சரி, தட்டியாயிற்று, கணினியில் நன்றாக இருக்கிறது, மொபைலில் போட்டால் மறுபடி கோடு. காரணம், யூனிட்டி 6 தொடங்கித் தரும் புராஜெக்டில் கணினிக்கு ஒன்றும் மொபைலுக்கு ஒன்றுமாக இரண்டு அமைப்புக் கோப்புகள் இருக்கும். தட்டியது கணினிக்கானதில். மொபைலுக்கானதிலும் தட்ட வேண்டும்.

இன்னும் ஒரு வரம்பு. தண்ணீர், கண்ணாடி போன்ற ஊடுருவித் தெரியும் பொருள்கள் வழக்கமாக இந்தப் பதிவில் இடம்பெறுவதில்லை. குளத்தின் மேல் தவழும் புகைக்குத் தண்ணீரின் தூரம் தெரியாது. குளத்தின் அடித்தரையின் தூரம்தான் தெரியும். அதனால் நீர்ப்பரப்பில் ஒதுங்காது. இதற்கு எளிய மருந்து கிடையாது. புகையைத் தண்ணீருக்குள் புகாத உயரத்தில் நிறுத்துவதே நடைமுறை.

மொபைலில் இதற்கு விலையும் உண்டு. டெப்த் டெக்ஸ்சர் தயாரிக்க, காட்சியின் ஆழத்தை நினைவகத்துக்கு ஒருமுறை நகலெடுக்க வேண்டும், அல்லது திடப்பொருள்களை முன்கூட்டியே ஒருமுறை வரைய வேண்டும். மொபைல் சிப்புகள் திரையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் தனக்குள்ளேயே வரைந்து முடித்து, நினைவகத்தை முடிந்தவரை தொடாமலிருந்து மின்சாரத்தைச் சேமிப்பவை. நகலெடுப்பது அந்தச் சேமிப்பைக் குலைக்கிறது. அதற்கு மேல், புகைச் சதுரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழும்போது ஒரே பிக்சல் பலமுறை வரையப்படுகிறது. ஒரு சதுரம் திரையில் கால்பங்கை மறைக்கிறது என்றால், பன்னிரண்டு சதுரம் சேர்ந்தால் மூன்று முழுத் திரைக்கு வேலை. கேமரா நெருப்பை நெருங்கும்போது விளையாட்டு தடுமாறி, விலகினால் சரியானால், குற்றவாளி சதுரங்களின் எண்ணிக்கை இல்லை, அவை திரையில் பிடிக்கும் பரப்பு. அப்போது பார்ட்டிக்கிளைக் குறைப்பதைவிட, ஓவியத்தைச் சுற்றி வெறுமையாகக் கிடக்கும் இடத்தைக் குறைப்பது நல்லது. காலி இடத்தையும் சிப் கணக்குப் போட்டே தீரும்.

விலை குறைந்த போன்களை மனதில் வைத்துச் செய்கிறீர்கள், காட்சியில் இந்த ஒரு நெருப்பைத் தவிர வேறெதற்கும் டெப்த் டெக்ஸ்சர் தேவையில்லை என்றால், என் தீர்ப்பு இது: பெட்டியை அணைத்துவிடுங்கள். தவழும் புகையை எடுத்துவிட்டு, கட்டைகளைச் சுற்றி ஏழெட்டுக் கல்லை அடுக்கி, மேலெழும் புகை கட்டைக்கு ஒரு சாண் உயரத்தில் பிறக்கும்படி வையுங்கள். சதுரம் தரையைத் தொடவே தொடாது, கோடும் விழாது. மிச்சப்படும் நேரத்தைக் கடைசி ஐந்து படங்களில் அந்த ஓட்டைகளை நன்றாக வரையச் செலவிடுங்கள்.